படத்திலுள்ள பானை எவ்வளவு பெரியது?

வெள்ளவத்தையில் காலி வீதியோரத்துப் பாத்திரக்கடைகளில் இப்போது பாதி வியாபாரம் கைத்தொலைபேசியில் வரும் படத்தோடு நடக்கிறது. வெள்ளைத் துணியை விரித்து, நடுவில் ஒரு பித்தளைச் செம்பை வைத்து எடுத்த படம் வருகிறது. பார்ப்பவர் அதைக் கும்பம் வைக்கிற அளவுச் செம்பு என்று நினைத்துச் சொல்லிவிடுகிறார். வந்து சேர்வதோ சாமியறையில் தீர்த்தம் வைக்கிற, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒன்று. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. வடிவம் சரி, நிறம் சரி, கழுத்தின் வளைவும் சரி. அளவு மட்டும் அந்தப் படத்தில் தொடக்கத்திலிருந்தே இல்லை. செம்பை வாங்கியவர் திருப்பிக் கொடுத்து வேறு கேட்கலாம். இரண்டாயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்த பானையின் படத்தைப் பார்க்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. அகழ்வுக் குழி மூடப்பட்டுவிடும். ஓடுகள் பெட்டிகளுக்குள் போய்விடும். வேறு ஊரில், வேறு நாட்டில் இருக்கும் ஆய்வாளருக்கு எஞ்சுவது பெரும்பாலும் படம்தான். அதனால்தான் தொல்லியலாளர் தாம் படமெடுக்கும் ஒவ்வொரு பாண்டத்தின் பக்கத்திலும் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஒரு சிறு பட்டையை வைக்கிறார்கள். அதை அளவுப்பட்டை என்று சொல்வோம். பட்டை இருக்கிறது, ஆகவே அளவு தெரியும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அது அவ்வளவு எளிதல்ல. அளவுப்பட்டை தான் இருக்கும் இடத்தின் அளவை மட்டுமே சொல்லும். பானை வேறிடத்தில் இருந்தால் அது சொல்வது தவறான எண். அளவே தெரியாத படத்தை யாரும் நம்பி அளக்கமாட்டார்கள். பட்டை பிசகி வைக்கப்பட்ட படத்தை நம்பி அளப்பார்கள். அதனால் கெடுதல் அதில்தான் கூட.

படத்தில் ஏன் அளவு இல்லை என்பதிலிருந்து தொடங்கலாம். கொட்டாஞ்சேனையில் புனித லூசியா பேராலயத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் அந்தப் பெரிய குவிமாடத்தைக் கட்டைவிரலால் மறைத்துவிடலாம். விரல் குவிமாடத்தின் அளவுக்கு வளர்ந்துவிடவில்லை. இரண்டும் கண்ணில் ஒரே அளவான கோணத்தைப் பிடிக்கின்றன, அவ்வளவுதான். கமராவும் ஒற்றைக் கண்தான். ஒரு பொருளின் இடது ஓரத்திலிருந்தும் வலது ஓரத்திலிருந்தும் வரும் ஒளிக்கதிர்கள் வில்லைக்குள் எவ்வளவு விரிந்த கோணத்தில் நுழைகின்றன என்பதை மட்டுமே அது பதிகிறது. பக்கத்தில் உள்ள சின்னச் செம்பும், இரண்டு மடங்கு தூரத்தில் உள்ள இரண்டு மடங்கு பெரிய செம்பும் ஒரே கோணத்தைத் தரும். ஆகவே ஒரே படத்தைத் தரும். நம் இரண்டு கண்களும், தலையை அசைக்கும் பழக்கமும், மேசை எவ்வளவு பெரியது என்ற அனுபவமும் சேர்ந்து நாள்தோறும் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவதால், அது இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. வெள்ளைத் துணியின் மேல் வைத்த பொருளின் படத்தில் இந்த உதவிகள் எல்லாம் அறுந்துபோகின்றன. அளவு தெரிந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் மட்டுமே கோணத்தைச் சென்ரிமீற்றராக மாற்றலாம். ஆனால் அந்தப் பொருளும் பானையும் கமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை இங்கேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

அந்த நிபந்தனையை மீறினால் என்ன ஆகும் என்பதைக் கணக்கில் பார்ப்போம். வயிற்றுப் பகுதியில் 30 சென்ரிமீற்றர் அகலமுள்ள ஒரு தண்ணீர்ப் பானை மேசையில் நிற்கிறது. கமரா அதன் நடு அச்சிலிருந்து 50 சென்ரிமீற்றர் தூரத்தில், வயிற்றின் உயரத்திலேயே இருக்கிறது. கைத்தொலைபேசியால் எடுக்கிறவர்கள் ஏறக்குறைய இந்தத் தூரத்தில்தான் நிற்பார்கள். அளவுப்பட்டையை, பார்க்க வசதி என்று, பானைக்கு முன்னால் அதன் வயிற்றை ஒட்டினாற்போல் வைக்கிறோம். இப்போது பட்டை கமராவிலிருந்து 35 சென்ரிமீற்றரில் இருக்கிறது. கமராவுக்குக் கிட்ட இருப்பதால் பெரிதாகத் தெரிகிறது. அதைக் கொண்டு படத்தில் பானையை அளந்தால் கிடைக்கும் அகலம் 22 சென்ரிமீற்றர். அதே பட்டையைப் பானைக்குப் பின்னால், சுவரோடு சாய்த்து வைத்ததாக எண்ணுங்கள். இப்போது அது 65 சென்ரிமீற்றர் தூரத்தில் சிறிதாகத் தெரிகிறது. அளந்தால் பானையின் அகலம் 41 சென்ரிமீற்றர். பானை மாறவில்லை, கமரா நகரவில்லை, பட்டையும் அச்சுப்பிசகில்லாத நல்ல பட்டை. கொள்ளளவு அகலத்தின் மூன்றாம் படியாக ஏறுவதால், இந்த இரண்டு எண்களையும் நம்பி எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று கணக்கிட்டால் விடைகள் ஆறு மடங்குக்கு மேல் வேறுபடும். ஒன்று சமையற்பானை என்றும் மற்றது தானியம் சேமிக்கும் சால் என்றும் இரண்டு கட்டுரைகள் எழுதிவிடலாம்.

பட்டையைப் பானையின் நடு அச்சின் நேருக்குப் பக்கவாட்டில் நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடுமா? பெரும்பாலும் சரியாகும், முழுதாக அல்ல. உருண்டையான பானையின் சரிபாதியைக் கமரா ஒருபோதும் பார்ப்பதில்லை. படத்தில் நாம் ஓரம் என்று காண்பது, கமராவிலிருந்து புறப்பட்ட பார்வைக்கோடு பானையைத் தொட்டும் தொடாமலும் உரசிப்போகும் இடம். அது நடு அச்சைவிடக் கொஞ்சம் முன்னால்தான் இருக்கும். முன்னால் இருப்பதால் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். நாம் எடுத்த உதாரணத்தில், பட்டை சரியான இடத்தில் இருந்தும் 30 சென்ரிமீற்றர் பானை ஏறக்குறைய 31 அரையாகத் தெரிகிறது. இதற்கு மருந்து விலகி நிற்பது. கமராவை 2 மீற்றர் தூரத்துக்குக் கொண்டுபோய், நீண்ட குவியத்தூரமுள்ள வில்லையால் படத்தை நெருக்கி எடுத்தால் பிழை ஒரு மில்லிமீற்றர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. நெருங்கிப் போய் எடுத்தால்தான் துல்லியம் என்ற எண்ணம் அளவு விடயத்தில் தலைகீழானது. தூரம் கூடக் கூட, பானையின் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் உள்ள தூர வேறுபாடு மொத்தத் தூரத்தில் அற்பமாகிவிடுகிறது. பட்டையை வைப்பதில் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் தவறினாலும் கெடுதல் குறைவு.

இந்தக் கணக்கு வெறும் மேசைப் பயிற்சி அல்ல என்பதற்கு இலங்கையையும் தொடுகிற நல்ல வழக்கு இருக்கிறது. 1945இல் தொல்லியலாளர் மோர்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது ஒருவகைத் தட்டுகளின் ஓடுகள் கிடைத்தன. வழுவழுப்பான மேற்பரப்பு, உள்நோக்கி வளைந்த விளிம்பு, தட்டையான அடி. உட்புறத்தில் அடிப்பாகத்தைச் சுற்றி நுண்ணிய புள்ளிகளும் முக்கோணங்களுமாக வளையம் வளையமாக ஓடும் பதிவு. பல்லுள்ள சிறு சில்லை உருட்டிப் பதித்ததுபோல் தெரிவதால் இதற்கு ரௌலட்டட் பாண்டம் என்று பெயர் வந்தது. உருட்டுப்பதிவுப் பாண்டம் என்று தமிழில் சொல்லலாம். வீலர் மறு ஆண்டே இதன் வகைகளை வரைபடங்களோடு வெளியிட்டார். அதன் பிறகு இதே தட்டு யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலும், அநுராதபுரத்திலும், திசமாராமவிலும், மாந்தையிலும், கடல் கடந்து பாலித் தீவின் செம்பிரானிலும் அடையாளம் காணப்பட்டது. எங்கோ ஓரிடத்தில் வனைந்த தட்டுகள் கப்பலேறி இந்த ஊர்களுக்கெல்லாம் போயினவா, அல்லது ஒவ்வோரிடத்திலும் பார்த்துப் பார்த்துச் செய்தார்களா என்பது இந்துசமுத்திர வணிக வரலாற்றின் பழைய கேள்வி. களிமண்ணை ஆய்வுகூடத்தில் சோதிப்பது விடையின் ஒரு பகுதி. வடிவமும் அளவும் இன்னொரு பகுதி. விளிம்பு விட்டங்கள் ஓர் எண்ணைச் சுற்றி இறுக்கமாகக் குவிந்திருந்தால் ஒரே தொழில்மரபின் கை என்று வாதிடலாம். அகலச் சிதறியிருந்தால் அந்த வாதம் தளரும். இப்போது கேள்வியைப் பாருங்கள். சிதறல் தட்டுகளில் இருக்கிறதா, படமெடுத்தவர்களின் பட்டைகளில் இருக்கிறதா?

தட்டு, பானையைவிட ஏமாற்றுக்காரத்தனமானது. பானையை நிறுத்தி எடுப்பார்கள். தட்டை மேசையில் வைத்து நேர்மேலிருந்து எடுப்பார்கள், ஏனென்றால் பதிவு உள்ளேதான் இருக்கிறது. 30 சென்ரிமீற்றர் விட்டமும் 5 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள ஒரு தட்டு என்று வைத்துக்கொள்வோம். கமரா மேசையிலிருந்து 50 சென்ரிமீற்றர் உயரத்தில் குனிந்து பார்க்கிறது. பட்டை, வழக்கம்போல, தட்டுக்குப் பக்கத்தில் மேசைமேல் கிடக்கிறது. தட்டின் விளிம்பு மேசையைவிட 5 சென்ரிமீற்றர் உயரத்தில், அதாவது கமராவுக்கு 45 சென்ரிமீற்றரில் இருக்கிறது. பட்டையைக் கொண்டு அளந்தால் விளிம்பின் விட்டம் 33 சென்ரிமீற்றருக்கும் சற்று அதிகம். தட்டின் உள் அடியோ மேசைக்கு மேல் ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில்தான் இருக்கிறது. அங்கே உள்ள உருட்டுப்பதிவு வளையம் இரண்டு சதவீதம் மட்டுமே பெரிதாகத் தெரியும். ஒரே படம், ஒரே பட்டை. வளையத்தின் அளவு ஏறக்குறைய மெய், விளிம்பின் அளவு பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பொய். இந்தப் படத்தை வைத்து, விளிம்புக்கும் வளையத்துக்கும் உள்ள விகிதம் கந்தரோடையில் ஒன்றாகவும் அரிக்கமேட்டில் வேறாகவும் இருக்கிறது என்று யாராவது எழுதினால், அவர் அளந்தது குயவரின் பழக்கத்தை அல்ல, படப்பிடிப்பாளர் எவ்வளவு உயரத்தில் கமராவை மாட்டினார் என்பதை.

சரியான முறை கடினமானதல்ல. எதை அளக்கவேண்டும் என்று முதலில் முடிவுசெய்துகொண்டு, பட்டையை அந்தத் தளத்துக்கு உயர்த்தவேண்டும். விளிம்பு வேண்டுமானால் ஒரு சிறு மரத்துண்டின் மேல் பட்டையை ஏற்றி விளிம்பின் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பதிவு வேண்டுமானால் சிறிய பட்டையொன்றைத் தட்டின் உள்ளேயே, பதிவை மறைக்காமல் வைத்து இன்னொரு படம் எடுக்கவேண்டும். தரையில் கிடக்கும் ஓட்டுத்துண்டாக இருந்தால், அதன் அடியில் கொஞ்சம் பிசைகளியை வைத்து, படத்தில் தேவையான பரப்பு கமராவுக்கு நேராக நிமிரும்படி செய்து, பட்டையையும் அந்த உயரத்துக்கு ஏற்றுவார்கள். சாய்வையும் கவனிக்கவேண்டும். பட்டை பத்துப் பாகை சாய்ந்திருந்தால் அது ஒன்றரை சதவீதம் மட்டுமே குறுகித் தெரியும். முப்பது பாகை சாய்ந்தால் 13 சதவீதம் குறுகிவிடும், பானை 15 சதவீதம் பெருத்துவிடும். நேர்ப்பட்டை ஒன்றைப் பார்த்து அது சாய்ந்திருக்கிறதா என்று படத்திலிருந்து சொல்ல முடியாது. இரண்டு கைகள் செங்கோணமாகச் சேர்ந்த ட-வடிவப் பட்டையாக இருந்தால் சொல்லலாம்: ஒரு கையின் சென்ரிமீற்றரும் மறு கையின் சென்ரிமீற்றரும் படத்தில் ஒரே நீளமாக இல்லாவிட்டால் கமரா நேராகப் பார்க்கவில்லை. குற்றப் புலனாய்வில் காயங்களைப் படமெடுப்பவர்கள் பயன்படுத்தும் பட்டைகளில் வட்டங்களும் அச்சிட்டிருப்பார்கள். வட்டம் நீள்வட்டமாகத் தெரிந்தால் படம் சாய்ந்தது என்று அர்த்தம். படத்துக்குள்ளேயே அதன் பிழையைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி இருக்கவேண்டும் என்பதே இதன் தத்துவம்.

இதுவரை முழுப் பானையையும் முழுத் தட்டையும் பற்றிப் பேசினோம். அகழ்வில் கிடைப்பவை பெரும்பாலும் துண்டுகள். இங்கே அளவுப்பட்டையின் எல்லையும் தெரிந்துவிடுகிறது. விளிம்புத் துண்டு ஒன்று கையில் இருக்கிறது. அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேர்க்கோட்டில் 6 சென்ரிமீற்றர். நாம் அறிய விரும்புவது அந்தத் துண்டின் நீளத்தை அல்ல, உடையாதபோது அந்தத் தட்டு எவ்வளவு அகலமாக இருந்தது என்பதை. விளிம்பு ஒரு வில், முனைகளைச் சேர்க்கும் நேர்க்கோடு அதன் நாண். வில்லின் நடு நாணிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதில் முழு வட்டத்தின் விட்டம் ஒளிந்திருக்கிறது. 30 சென்ரிமீற்றர் தட்டின் துண்டாக இருந்தால் அந்த விலகல் 3 மில்லிமீற்றர். 24 சென்ரிமீற்றர் தட்டின் துண்டாக இருந்தால் 3.8 மில்லிமீற்றர். இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. 3 என்று வாசிக்கவேண்டியதை மூன்றரை என்று வாசித்தால் தட்டு 30இலிருந்து 26ஆகச் சுருங்கிவிடும். தேய்ந்து சிராய்ந்த ஓட்டின் விளிம்பைப் படத்தில் அரை மில்லிமீற்றருக்குள் குறிப்பது, பட்டை எவ்வளவு நன்றாக வைக்கப்பட்டிருந்தாலும், நம்பத்தக்க வேலை அல்ல. அதனால் அகழ்வாய்வாளர் இந்த விட்டத்தைப் படத்திலிருந்து எடுப்பதில்லை. ஒரே மையத்தில் பல வட்டங்கள் வரைந்த அட்டையில் ஓட்டின் விளிம்பைக் கவிழ்த்து நிறுத்தி, எந்த வட்டத்தோடு அது வெளிச்சம் ஊடுருவாமல் பொருந்துகிறது என்று பார்க்கிறார்கள். எந்தச் சாய்வில் விளிம்பு முழுதும் அட்டையைத் தொடுகிறதோ அதுதான் பானை நின்ற நிலை. அந்த வட்டத்தில் துண்டு எத்தனை சதவீதத்தை நிரப்புகிறது என்பதையும் குறித்துக்கொள்கிறார்கள். 6 சென்ரிமீற்றர் துண்டு, 30 சென்ரிமீற்றர் தட்டின் சுற்றளவில் ஏழு சதவீதம்கூட நிரப்பாது. அதனால் அந்த எண்ணின் பக்கத்தில் ‘சுமார்’ என்று எழுதுவது கடமை. பிறகு ஓட்டின் குறுக்குவெட்டைக் கையால் வரைகிறார்கள். படம் நிறத்தையும் உடைவையும் பதிவின் நுட்பத்தையும் காட்டுகிறது. வரைபடம் வடிவத்தையும் விட்டத்தையும் சொல்கிறது. வீலர் காலத்திலிருந்து அகழ்வறிக்கைகளில் இரண்டும் அடுத்தடுத்து வருவதன் காரணம் இதுதான்.

அப்படியானால் பட்டையே வேண்டாமே, அளவெல்லாம் பதிவேட்டில்தானே இருக்கிறது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் பதிவேடும் படமும் நெடுநாள் சேர்ந்து வாழ்வதில்லை. படம் ஒரு நூலுக்குப் போகும், அங்கிருந்து ஒரு பத்திரிகைக்கு, அங்கிருந்து யாரோ ஒருவருடைய கணினிக்கு. பதிவேடு அலுமாரியிலேயே இருக்கும். இரண்டும் ஒரே மேசையில் இருந்தாலும் ஒன்றுக்கொன்று காவல் தேவை. 24 என்று அளந்ததை 42 என்று எழுதிவிடுவது எழுதுகிற எவருக்கும் நடக்கக்கூடியது. பட்டையுள்ள படம் பக்கத்தில் இருந்தால் அந்தத் தவறு அன்றே அகப்படும். பத்து சதவீதப் பிழையுள்ள படமும் இவ்வளவு பெரிய தவறைப் பிடிப்பதற்குப் போதும். ‘அசலில் மூன்றில் ஒரு பங்கு’ என்று படத்தின் கீழ் எழுதினால் போதாதா என்பதும் இதே வகையான கேள்விதான். அந்த வாசகம் அச்சான பக்கம் அதே அளவில் இருக்கும்வரை மட்டுமே உண்மை. அதைப் பிரதியெடுத்துச் சிறிதாக்கினாலோ, கைத்தொலைபேசித் திரையில் விரலால் விரித்தாலோ வாசகம் பொய்யாகிவிடும். படத்துக்குள் இருக்கும் பட்டை பானையோடு சேர்ந்தே சுருங்கும், சேர்ந்தே விரியும். எத்தனை முறை அளவு மாற்றினாலும் அவற்றின் உறவு கெடாது.

பட்டையையும் நம்பி விட்டுவிடக் கூடாது. கணினியிலிருந்து அச்செடுத்த பட்டையில் ஒரு பொதுவான விபத்து உண்டு. தாளின் ஓரங்களுக்குள் அடங்கும்படி அச்சுப்பொறி படத்தைத் தானாகவே சில சதவீதம் சுருக்கிவிடும். 10 சென்ரிமீற்றர் என்று எழுதியிருக்கும் பட்டை உண்மையில் ஒன்பதரைதான் இருக்கும். எஃகு அடிமட்டத்தோடு ஒருமுறை ஒத்துப்பார்ப்பதுதான் இதைக் கண்டுபிடிக்கும் வழி. அலகும் பட்டையிலேயே எழுதியிருக்கவேண்டும். வீலர் காலத்து இந்திய அகழ்வுகள் அடியிலும் அங்குலத்திலும் நடந்தவை. எண்ணில்லாத கட்டங்கள் மட்டும் உள்ள பழைய பட்டையை இன்றைய வாசகர் சென்ரிமீற்றர் என்று எடுத்துக்கொண்டால் ஒவ்வோர் அங்குலமும் இரண்டரை மடங்கு குறைந்துபோகும். கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வருவதற்கும் காரணம் இருக்கிறது: கறுப்பு-சிவப்புப் பாண்டத்தின் இருண்ட உட்புறத்துக்கு எதிரில் வெள்ளைக் கட்டம் தெரியும், வெளிறிய ஓட்டுக்கு எதிரில் கறுப்புக் கட்டம் தெரியும். ஆனால் வெயிலில் எடுத்த படத்தில் வெள்ளை கொஞ்சம் வழிந்து கறுப்பின் மேல் பரவும். வெள்ளைக் கட்டம் அகன்றும் கறுப்புக் கட்டம் ஒடுங்கியும் தெரியும். ஆகவே ஒரு கட்டத்தை மட்டும் அளந்து சென்ரிமீற்றரைத் தீர்மானிக்கக் கூடாது. ஒரு வெள்ளையின் இடது ஓரத்திலிருந்து தூரத்திலுள்ள இன்னொரு வெள்ளையின் இடது ஓரம்வரை அளந்தால் வழிசல் இரு முனையிலும் ஒரே பக்கம் தள்ளுவதால் கழிந்துவிடும்.

இன்றைக்குக் கணினி இருக்கிறதே என்பதுதான் கடைசியாக வரும் வலுவான மறுப்பு. ஒரு பானையைச் சுற்றி நடந்து ஐம்பது அறுபது படங்கள் எடுத்துக் கொடுத்தால் மென்பொருள் அதன் முப்பரிமாண உருவத்தைக் கட்டித்தருகிறது. எந்தத் திசையிலும் சுழற்றிப் பார்க்கலாம், குறுக்கே வெட்டிப் பார்க்கலாம். அகழ்வுகளில் இது இப்போது பழக்கத்துக்கு வந்துவிட்டது. பட்டை எந்தத் தளத்தில் இருந்தது என்ற தலையிடி இதில் உண்மையிலேயே தீர்ந்துபோகிறது, ஏனென்றால் பட்டையும் பானையும் வெளியில் எங்கெங்கே இருக்கின்றன என்பது மாதிரியிலேயே தெரிந்துவிடும். ஆனால் பட்டையின் தேவை தீரவில்லை. பானையை இரண்டு மடங்காக்கி, கமரா நின்ற இடங்களுக்கிடையேயான தூரங்களையும் இரண்டு மடங்காக்கினால், ஒவ்வொரு படமும் அச்சு அசலாக முன்போலவே இருக்கும். ஒரு படத்தில் இல்லாத அளவு அறுபது படங்களைக் கூட்டினாலும் பிறக்காது. அதனால் முப்பரிமாண வேலையிலும் நீளம் தெரிந்த பட்டைகளைச் சுற்றிவர வைத்தே படமெடுக்கிறார்கள். நல்ல முறையில், ஒரு பட்டையைக் கொண்டு மாதிரிக்கு அளவு கொடுத்து, இன்னொரு பட்டையைத் தீண்டாமல் விட்டுவைத்து, கடைசியில் மாதிரியில் அதன் நீளம் எவ்வளவு என்று கேட்பார்கள். 10 சென்ரிமீற்றர் பட்டை 10.01 என்று வந்தால் மாதிரியை நம்பலாம், 10.4 என்று வந்தால் எங்கோ பிசகியிருக்கிறது, திரும்ப எடுக்கவேண்டும். இந்தச் சோதனை எண்ணைச் சொல்லாத முப்பரிமாண மாதிரி, பார்ப்பதற்கு எவ்வளவு அழகாகச் சுழன்றாலும், அளப்பதற்கு ஏற்றதல்ல.

அழகைப் பற்றிப் பேசும்போது பத்திரிகைக்காரரையும் கொஞ்சம் குறை சொல்லவேண்டியிருக்கிறது. பட்டை படத்தின் அழகைக் கெடுக்கிறது என்று பக்கத்தை அமைப்பவர் அதை வெட்டிவிடுகிறார். கண்காட்சிச் சுவரொட்டிக்கும் நூலின் அட்டைக்கும் பட்டையில்லாத படம் வேண்டும் என்பது ஏற்கத்தக்கதே. அதற்குப் பட்டையோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என்று இரண்டு படம் எடுப்பது வழக்கம். ஆனால் செய்தியின் பொருளே புதிதாகக் கிடைத்த பானையாக இருக்கும்போது, அதன் படத்திலிருந்து பட்டையை வெட்டுவது செய்தியின் பாதியை வெட்டுவதுதான். பட்டைக்குப் பதிலாக ஒரு பேனாவையோ காசையோ கையையோ வைத்த படமும் வெறும் படத்தைவிட மேல். ஆயினும் காசின் அளவு காலத்துக்குக் காலம் மாறும், ஒரு நாட்டுக் காசு இன்னொரு நாட்டாருக்குத் தெரியாது, கை ஆளுக்கு ஆள் வேறு.

கொழும்பில் அத்திவாரம் வெட்டும்போதும் யாழ்ப்பாணத்தில் கிணறு இறைக்கும்போதும் பழைய ஓடுகள் வெளிவருவது புதிதல்ல. அப்படி ஒன்றைக் கண்டால் அதைப் பிடுங்காமல், கழுவாமல், கிடந்த இடத்திலேயே படமெடுத்துத் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். பள்ளிப்பிள்ளையின் அடிமட்டம் ஒன்றை, எண்கள் தெரியும்படி, ஓட்டுக்குப் பக்கத்தில் ஓட்டின் மேற்பரப்போடு ஒரே மட்டமாக வையுங்கள். முன்னாலோ பின்னாலோ வேண்டாம். குனிந்து நெருங்கி எடுக்காமல், இரண்டு மீற்றர் தள்ளி, நேரெதிராக நின்று, கைத்தொலைபேசியின் உருப்பெருக்கத்தைக் கூட்டி எடுங்கள். அனுப்பும்போது அடிமட்டத்தை வெட்டிவிடாதீர்கள்.